திரும்பி வந்த தரவு முழுமையானதா?

2017 ஜனவரி 31 இரவு, மென்பொருள் எழுதுவோர் தங்கள் நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்லேப் தளத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் அழிப்புக் கட்டளையைக் கொடுத்துவிட்டார். துணை சர்வரில் காலி செய்ய வேண்டிய கோப்புறையை முதன்மை சர்வரில் காலி செய்துவிட்டார். ஓரிரு விநாடிகளில் தவறை உணர்ந்து நிறுத்தியும், சுமார் 300 ஜிபி தரவில் 4.5 ஜிபிதான் மிஞ்சியிருந்தது.

பேக்கப் இருக்கிறது என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தார்கள். போய்ப் பார்த்தால் சேமிப்பிடம் காலியாகக் கிடந்தது. அவர்களுடைய தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் மென்பொருளின் 9.6ஆம் பதிப்பில் ஓடியது. ஆனால் பேக்கப் எடுக்கும் `pg_dump` கருவியோ 9.2ஆம் பதிப்பு. பதிப்பு பொருந்தாததால் அது பிழை சொல்லி நின்றிருக்கிறது. பிழையைத் தெரிவிக்கும் மின்னஞ்சல்களும் அனுப்புநர் சரிபார்ப்பில் தேறாமல் நிராகரிக்கப்பட்டதால் யாருக்கும் செய்தி எட்டவில்லை. வேறொரு சோதனைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் கையால் எடுத்திருந்த ஒரு நகல்தான் அவர்களைக் காப்பாற்றியது. அதைத் திருப்பிக் கொண்டுவர ஏறக்குறைய 18 மணி நேரம் பிடித்தது. இடைப்பட்ட ஆறு மணி நேரத்துப் பதிவுகள் போனவை போனவைதான்.

நடந்ததை எல்லாம் கிட்லேப் மறைக்காமல் வெளியிட்டது. அந்த நேர்மையால்தான் இன்று நாம் இதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடிகிறது. பேக்கப்பைத் திருப்பி ஏற்றிப் பார்ப்பதை ஒருவருடைய பொறுப்பாக ஒப்படைத்து மாதம் ஒருமுறை செய்திருந்தால், முதல் மாதமே காலி சேமிப்பிடம் தெரிந்திருக்கும். ஆனால் திருப்பி ஏற்றுவது பாதி வேலைதான். வந்தது முழுமையா, அதன்மேல் மென்பொருள் ஓடுமா என்று காட்டுவதுதான் கடினமான பாதி.

உதாரணத்துக்கு ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தை வைத்துக்கொள்வோம். உறுப்பினர் கணக்கு, வைப்புத்தொகை, நகைக்கடன் எல்லாம் ஒரே தரவுத்தளத்தில். தினமும் இரவு பேக்கப் எடுக்கிறார்கள். சோதிப்பவர் முதலில் செய்ய வேண்டியது, இதுவரை சங்கத்தின் தரவைத் தொட்டே இராத ஒரு புதிய சர்வரை எடுப்பது. பழைய சர்வரிலேயே வேறு பெயரில் ஏற்றிப் பார்த்தால் பல குறைகள் வெளியே தெரியாது. `pg_dump` ஒரு தரவுத்தளத்தை எடுக்குமே தவிர, சர்வரின் பயனர் பெயர்களை எடுக்காது. பழைய சர்வரில் அந்தப் பெயர்கள் ஏற்கெனவே இருப்பதால் எல்லாம் சரியாகத் தோன்றும். புதிய சர்வரில்தான் `role "sangam_app" does not exist` என்று திரையில் வரும்.

```
createdb restore_test
pg_restore --exit-on-error -d restore_test sangam.dump
```

இரண்டாம் வரியில் உள்ள `--exit-on-error` முக்கியம். அது இல்லாவிட்டால் கருவி பிழைகளைத் தாண்டிக்கொண்டே போய், கடைசியில் இத்தனை பிழைகளை விட்டுவிட்டேன் என்று ஒரு வரியில் சொல்லி முடித்துக்கொள்ளும். நூற்றுக்கணக்கான வரிகளுக்குக் கீழே அது கண்ணில் படாமல் போவது சுலபம்.

பிழையே இல்லாமல் ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் முழுமை நிரூபணமாகவில்லை. இந்தச் சங்கத்தில் பேக்கப் ஸ்கிரிப்ட் எழுதியவர் எடுக்க வேண்டிய அட்டவணைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகக் குறித்திருந்தார். நகைக்கடன் தவணைக்கான அட்டவணை பின்னால் வந்தது. அதைப் பட்டியலில் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை. எடுக்காததை ஏற்றவும் முடியாது, ஆகவே பிழையும் வராது. பேக்கப்பில் உள்ள அட்டவணைகளை மட்டும் எண்ணிப் பார்ப்பவருக்கு எல்லாமே பொருந்தும். ஒப்பிடும் பட்டியலை ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்திலிருந்துதான் எடுக்க வேண்டும், பேக்கப்பிலிருந்து எடுக்கக் கூடாது.

எண்ணிக்கையை ஒப்பிடுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. பேக்கப் நேற்று இரவுடையது. ஓடும் தரவுத்தளமோ இன்று காலை முதல் மாறிக்கொண்டிருக்கிறது. 200 வரிகள் வித்தியாசம் வந்தால் அது இன்றைய வரவா, தொலைந்த தரவா? பேக்கப் தொடங்கும் அதே கணத்தின் நிலையை வைத்து எண்ணிக்கைகளைக் கணக்கிட்டுக் கூடவே சேமிப்பது ஒரு வழி. `pg_dump` கருவியில் இதற்கென்றே `--snapshot` வசதி இருக்கிறது. சங்கத்துக்கு இதைவிட எளிய வழியும் உண்டு. நாள் முடித்துக் கையெழுத்தான நாளேடுகள் அவர்களிடம் இருக்கின்றன. மீட்ட தரவிலிருந்து கடந்த மாதக் கடைசி நாளின் வைப்பு மொத்தம், கடன் நிலுவை, வசூலான தவணை மூன்றையும் கணக்கிட்டு அந்த ஏட்டோடு வைத்துப் பார்க்கலாம். தவணைத் தொகையைக் கணக்கிடப் போன உடனே அட்டவணையே இல்லை என்று பிழை வந்து, விடுபட்டது பிடிபட்டுவிடும். வரிகளின் எண்ணிக்கையைவிட ரூபாய்க் கணக்கை நான் அதிகம் நம்புவேன். அந்த ஏடு பேக்கப் ஸ்கிரிப்டைச் சாராமல், வேறு கைகளால் சரிபார்க்கப்பட்டது.

இனி மென்பொருளை இந்தத் தரவோடு இணைக்க வேண்டும். இணைக்கும் முன் வெளியே போகும் வழிகளை அடைத்துவிட வேண்டும். இல்லையென்றால் சோதனைச் சர்வர் தன்னை உண்மையான சர்வர் என்றே எண்ணிக்கொண்டு உறுப்பினர்களுக்குத் தவணை நினைவூட்டல் எஸ்எம்எஸ் அனுப்பத் தொடங்கிவிடும். ஆனால் அடைப்பதைத் தரவில் கைவைத்துச் செய்யாமல், நெட்வொர்க்கிலோ மென்பொருள் அமைப்பிலோ செய்வது நல்லது. கிட்லேப் தன் சோதனைச் சர்வருக்கு நகல் எடுக்கும்போது, மற்ற தளங்களுக்குத் தகவல் அனுப்பும் இணைப்புகள் தவறி இயங்கிவிடக் கூடாது என்று அவற்றைத் தரவிலிருந்தே நீக்கிவந்தது. விபத்துக்குப் பின் அந்த நகலிலிருந்தே மீட்க வேண்டியிருந்ததால் அந்த இணைப்புகள் அதில் இல்லை. அவற்றைத் திரும்பப் பெறத் தனியே பாடுபட வேண்டியிருந்தது.

பிறகு கவுன்டரில் உட்காரும் ஊழியர் ஒருவரை அழைத்து அன்றாட வேலைகளைச் செய்யச் சொல்வதே சிறந்த சோதனை. லாகின் செய்யட்டும், தெரிந்த ஒரு கணக்கைத் திறக்கட்டும். கையொப்பப் படம் தெரிகிறதா? பல மென்பொருள்கள் படங்களைத் தரவுத்தளத்தில் வைக்காமல் தனிக் கோப்புறையில் வைக்கின்றன. அந்தக் கோப்புறையின் பேக்கப் வேறு வேலை. பூட்டிய வடிவில் சேமித்த ஆதார் எண்ணைத் திறக்கும் சாவியும் அப்படித்தான், தரவுத்தளத்துக்கு வெளியே இருக்கும். கிட்லேப் மென்பொருளைத் தங்கள் சர்வரில் வைத்திருப்போருக்கும் இதே எச்சரிக்கை உண்டு. அதன் பேக்கப்பில் `gitlab-secrets.json` சேராது. அந்தக் கோப்பைத் தனியே காப்பாற்றாவிட்டால், தரவு முழுதாக வந்தாலும் இரட்டைச் சரிபார்ப்பு வைத்திருக்கும் பயனர்கள் உள்ளே வர முடியாது.

படிப்பதோடு நிறுத்தாமல் ஒரு புதிய வைப்பையும் போட்டுப் பார்க்க வேண்டும். அட்டவணைகளின் தரவை மட்டும் தனியே எடுத்து ஏற்றியிருந்தால், அடுத்த ரசீது எண்ணைத் தரும் உள் எண்ணி பழைய இடத்திலேயே நின்றிருக்கும். அப்போது `duplicate key value violates unique constraint` என்று மென்பொருள் மறுத்துவிடும். பழைய கணக்குகளை எத்தனை திறந்து பார்த்தாலும் இந்தக் குறை தெரியாது.

தொடக்கம் முதல் அந்த முதல் ரசீது அச்சாகும் வரை ஆன நேரத்தைக் கடிகாரம் பார்த்துக் குறிக்க வேண்டும். பேக்கப் கோப்பைப் பதிவிறக்கிய நேரமும் சாவியைத் தேடிய நேரமும் அதில் சேர வேண்டும். ஏற்ற 40 நிமிடம்தான் ஆகியிருக்கலாம். பதிவிறக்க ஐந்து மணி நேரம் ஆகியிருந்தால், விபத்து நடக்கும் நாளில் காலைக் கவுன்டர் திறக்காது என்பதைச் செயலாளரிடம் இப்போதே சொல்லிவிடலாம். கோப்பின் ஒரு நகலை அலுவலகத்திலேயே வைப்பதா என்பதை அவர்கள் அப்போது முடிவு செய்துகொள்வார்கள்.