உடைந்த ஷாஃப்டிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

மெக்கானிக்கல் இறுதியாண்டு மாணவர்களின் புராஜெக்ட் ரிவ்யூவுக்கு வெளித் தேர்வாளராகப் போனால், ஒரு ஸ்லைடு தவறாமல் வரும். இடது பக்கம் உடைந்த ஷாஃப்டின் படம். வலது பக்கம் இரண்டே வரி: 'பழைய மெட்டீரியல் ஈஎன் 8. பரிந்துரைக்கும் மெட்டீரியல் ஈஎன் 24.' உடைந்துபோனது, அதனால் இன்னும் வலுவான எஃகு போடுகிறோம் என்பது பிள்ளைகளின் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்த எஃகு என்பது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு முன் கேட்க வேண்டியவை சில இருக்கின்றன.

கணக்குக்காக ஒரு ஷாஃப்டை எடுத்துக்கொள்வோம். பேரிங் உட்காரும் இடத்தில் 40 மில்லிமீட்டர் விட்டம். பேரிங்கைத் தாண்டியதும் ஒரு ஸ்டெப் இறங்கி 30 மில்லிமீட்டர் ஆகிறது. ஸ்டெப்பிலிருந்து 100 மில்லிமீட்டர் தள்ளி பெல்ட் புல்லி. மாவு மில்லிலும் மர அறுவை மில்லிலும் பார்க்கக்கூடிய அமைப்புதான். பெல்ட் இழுக்கும் விசை சுமார் 1800 நியூட்டன், அதாவது 180 கிலோ எடையைத் தொங்கவிட்டது போல. நிமிடத்துக்கு 1440 சுற்று. ஷாஃப்ட் ஸ்டெப் மூலையிலேயே இரண்டாக உடைந்திருக்கிறது.

"பெல்ட் எப்போதும் ஒரே பக்கம், ஒரே அளவில்தானே இழுக்கிறது? அப்புறம் எப்படி ஃபெட்டீக் வந்தது, தம்பி?" என்பது என் முதல் கேள்வி. பாதிப் பேர் இங்கேயே தடுமாறுவார்கள். பெல்ட் மாறவில்லை, ஷாஃப்ட்தான் சுழல்கிறது. பெல்ட் ஷாஃப்டை வளைக்கும்போது ஒரு பக்கத்து உலோகம் இழுபடும், எதிர்ப்பக்கம் அமுங்கும். அரைச் சுற்று கழிந்தால் இழுபட்ட இடம் அமுங்கும், அமுங்கிய இடம் இழுபடும். இப்படி நிமிடத்துக்கு 1440 முறை நடந்தால், பன்னிரண்டு மணி நேரத்துக்குள் பத்து லட்சம் முறை ஆகிவிடும். ஒரே தடவை வரும் சுமையை அலட்டிக்கொள்ளாமல் தாங்கும் எஃகு, அதைவிட மிகக் குறைந்த சுமை லட்சக்கணக்கில் திரும்பத் திரும்ப வரும்போது மெல்லிய விரிசல் விடும். அயர்ச்சி முறிவு என்பது இதைத்தான்.

அடுத்து, "உடைந்த முகத்தைக் காட்டு" என்பேன். ஸ்லைடில் இருப்பது பெரும்பாலும் பக்கவாட்டுப் படம், அது உதவாது. உடைந்த வட்ட முகத்தை நேராகப் பார்த்தால், ஓர் ஓரத்தில் தொடங்கி, ஈர மணலில் அலை விட்டுப்போன வரிகளைப் போல வளைந்த கோடுகள் தெரியும். மெஷின் நின்று ஓடியபோதும் சுமை ஏறி இறங்கியபோதும் விரிசல் விட்டுச்சென்ற தடங்கள் அவை. கோடுகளெல்லாம் எந்தப் புள்ளியைச் சுற்றி வளைந்திருக்கின்றனவோ, அங்கேதான் விரிசல் பிறந்தது. அந்தப் பகுதி வழவழப்பாக இருக்கும், ஏனென்றால் விரிசலின் இரு முகங்களும் நாள்கணக்கில் உரசிக்கொண்டிருந்திருக்கின்றன. மீதிப் பகுதி சொரசொரப்பாக இருக்கும். விரிசல் போக மிஞ்சியதால் தாங்க முடியாமல், கடைசிச் சுற்றில் படாரென்று முறிந்த இடம் அது.

இந்தச் சொரசொரப்பு முகத்தில் எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது என்று அளந்து பார்க்க வேண்டும். பாதிக்கு மேல் இருந்தால் சுமை உண்மையிலேயே அதிகம். சிறு துண்டாக இருந்தால், அவ்வளவு சிறிய உலோகமே சுமையைக் கடைசிவரை தாங்கியிருக்கிறது. அப்படியென்றால் சுமை குறைவு. குற்றவாளி விரிசல் தொடங்கிய மூலையில் இருக்கிறான். இதைப் பார்க்காமல் எஃகை மாற்றுவது நாடி பார்க்காமல் மருந்து எழுதுவதுதான்.

மூலைக்குப் போவோம். 30 மில்லிமீட்டர் பகுதியில் வளைவால் வரும் அழுத்தம் சுமார் 68 மெகாபாஸ்கல். ஈஎன் 8 இழுவிசையில் அறுபடும் வலு ஏறக்குறைய 620. எஃகுக்கு அதில் பாதியை, 310-ஐ, அயர்ச்சி வரம்பாகக் கொள்வது வழக்கம். அது ஆய்வகத்தில் கண்ணாடிபோல் மெருகேற்றிய சிறு துண்டுக்கான எண். லேத்தில் கடைந்த பரப்பு, பெரிய விட்டம் இரண்டுக்கும் கழித்தால் 210 மிஞ்சும். 68 எங்கே, 210 எங்கே!

ஆனால் ஸ்டெப் மூலையில் டர்னர் விட்ட வளைவு, பட்டறை வழக்கில் ரேடியஸ், அரை மில்லிமீட்டர்தான். டிராயிங்கில் ரேடியஸ் போடாவிட்டால் டூல் முனையின் வளைவுதான் மூலையில் பதியும். அவ்வளவு கூர்மையான மூலையில் அழுத்தம் சுமார் இரண்டரை மடங்காகக் குவியும்: 170. இன்னும் தப்பிக்கலாம். பெல்ட் வழுக்குகிறது என்று யாரோ ஒன்றரை மடங்கு இறுக்கிவிட்டார் என்று வையுங்கள். 255. வரம்பு தாண்டியாயிற்று.

இப்போது மாணவர் சொன்ன ஈஎன் 24. அதன் வலுவை 850 என்று கொண்டால் பாதி 425. வலு கூடக் கூட, கடைந்த பரப்பின் கீறல்கள் எஃகை அதிகம் பாதிக்கும். எல்லாம் கழித்தால் 270 மிஞ்சுகிறது. 255-க்கு எதிரே 270 என்பது மயிரிழை இடைவெளி. அதே ஈஎன் 8-இல் ரேடியஸை 3 மில்லிமீட்டராக்கினால் குவிப்பு 1.65 மடங்காகக் குறையும்; இறுக்கிய பெல்ட்டோடும் அழுத்தம் 168, வரம்பு 210. குவிப்பை முழுதாக எடுத்துக்கொண்ட கடுமையான கணக்குதான் இது. ஆனாலும் திசை மாறாது. ஒரு பைசா கூடுதல் எஃகு இல்லாமல், டிராயிங்கில் ஒரு எண்ணை எழுதியதால் வந்த லாபம். (பேரிங் முட்டி நிற்கும் ஸ்டெப்பாக இருந்தால் மட்டும் கவனம்: பேரிங்கின் மூலை வளைவைவிட ரேடியஸ் பெரிதானால் அது சரியாக உட்காராது.)

இது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. 1842 மே 8 அன்று பிரான்சில் வெர்சாயில் இருந்து பாரிஸ் திரும்பிய ரயிலின் முன் எஞ்சின் அச்சு ஒடிந்து, தீப்பிடித்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஓடி ஓடி இரும்பின் உள்ளமைப்பே படிகமாக மாறிவிடுகிறது என்று அன்று பலர் நம்பினார்கள். மறு ஆண்டே ஸ்காட்லாந்து இளைஞர் ராங்கின், ஒடிந்த அச்சுகளைப் பார்த்து, விரிசல் அச்சின் மூலையில் தொடங்கி உள்நோக்கி வளர்கிறது என்றும், அங்கே பெரிய வளைவு வேண்டும் என்றும் சொன்னார். அதன் பிறகுதான் பிரஷ்ய ரயில்வேயின் வோலர் அச்சுகளை ஆண்டுக்கணக்கில் சுழற்றிச் சோதித்து, அழுத்தம் எவ்வளவு, எத்தனை சுற்று தாங்கும் என்று அளந்தார்.

ஈஎன் 24 வீண் என்று சொல்லவில்லை. ரேடியஸும் விட்டமும் கூட்ட இடமே இல்லாத கியர் பாக்ஸில் அது வேண்டும். ஆனால் ஷாஃப்ட் வளைகிறது என்பதற்காக அதைப் போட்டால் பயனில்லை, எல்லா எஃகும் ஏறக்குறைய ஒரே அளவுதான் வளையும். தேய்ந்த ஷாஃப்டை வெல்டிங் வைத்துக் கடையும் ஊரில், ஈஎன் 24-ஐச் சூடேற்றாமல் பற்றவைத்தால் பற்றவைத்த ஓரம் கடினமாகி அங்கேயே விரிசல் விடும். யார் ரிப்பேர் செய்யப்போகிறார் என்பதும் மெட்டீரியல் தேர்வில் சேர்த்திதான்.

ரிவ்யூவுக்குத் தயாராகும் மாணவர்களுக்கும் மில் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஷாஃப்ட் உடைந்தால் இரு துண்டுகளையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்காதீர்கள், கம்பி பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள். அலை வரிகள் அழிந்துவிடும். நல்ல வெளிச்சத்தில் முகத்தைப் படமெடுங்கள், லேசாக எண்ணெய் பூசித் துணியில் சுற்றி வையுங்கள். எஃகுக் கடைக்குப் போவதை மறுநாள் வைத்துக்கொள்ளலாம்.