இருபத்தைந்தாம் ஆண்டில் என்ன வாக்குக் கொடுப்பது?

கத்தோலிக்கக் கோயில்களில் திருமணத்தின் வெள்ளி விழாத் திருப்பலியில், மறையுரை முடிந்ததும் தம்பதியர் பீடத்தின் முன் வந்து நிற்பார்கள். அப்போது நடப்பது இரண்டாவது கல்யாணம் அல்ல. ஒருமுறை கொடுத்த திருமணச் சம்மதம் மரணம் வரை செல்லும் என்பது திருச்சபையின் போதனை. அதனால் அன்று சொன்ன வார்த்தைகளைத் திரும்பச் சொல்லச் சொல்வதில்லை. பதிவேட்டில் கையெழுத்தும் கிடையாது. இவரை எனக்குத் துணையாகத் தந்ததற்காக ஒவ்வொருவரும் கடவுளுக்கு நன்றி சொல்லி, உறுதியைப் புதுப்பிக்கிறார்கள். பிறகு மோதிரங்கள் மந்திரிக்கப்படும்.

சடங்கில் உள்ள வாசகம் எல்லோருக்கும் பொது. சொந்தமாக நாலு வார்த்தை பேச விரும்புகிறவர்கள் பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே எழுதிக் காட்டிவிட்டு, திருப்பலி முடிவில் பேசலாம்; அல்லது விருந்து மண்டபத்தில் வைத்துக்கொள்ளலாம். என்னைக் கேட்டால் மண்டபம்தான் தோது. கோயில் மைக்கைப் பிடித்தால் பாதிப் பேருக்குக் குரல் பிரசங்கமாக மாறிவிடுகிறது.

எழுத உட்கார்ந்தால் பேனா தானாகப் பெரிய வார்த்தைகளைத் தேடும். ‘ஏழேழு ஜென்மமும் நீயே’ என்று ஒருவர் எழுதுவார் (கிறிஸ்தவருக்கு அது பொருந்தவும் பொருந்தாது). இன்னொருவர் மாமனார் முதல் கேட்டரிங்காரர் வரை நன்றிப் பட்டியல் போடுவார். மணநாளில் இன்பத்திலும் துன்பத்திலும் என்று சொன்னபோது, துன்பம் எந்த முகத்தோடு வரும் என்று இருவருக்குமே தெரியாது. இப்போது தெரியும். ஆகவே நடந்த ஒன்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அதிலிருந்து பிறக்கும் ஒரு சின்ன வாக்கைக் கொடுத்தால் போதும். அடுத்த வாரமே நிறைவேற்றினோமா என்று மனைவியோ கணவரோ கேட்கக்கூடியதாக அது இருக்க வேண்டும்.

உதாரணத்துக்கு ஒரு நாகர்கோவில் குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கணவர் பதினோரு வருஷம் மஸ்கட்டில் வேலை பார்த்தவர். மாமியார் படுக்கையில் கிடந்த காலத்தில் மனைவிதான் தனியாகப் பார்த்துக்கொண்டார். கணவர் முதலில் எழுதியது: ‘நீ இல்லாமல் நான் இல்லை. என்றும் உன்னை நேசிப்பேன்.’ பொய்யில்லை, ஆனால் யார் யாருக்கு வேண்டுமானாலும் சொல்லலாம். மஸ்கட்டை உள்ளே கொண்டுவந்தால் இப்படி ஆகும்:

“நோயிலும் கூட இருப்பேன்னு கோயில்ல சொன்னது நான். எங்க அம்மா படுத்துக் கிடந்தப்போ கூட இருந்தது நீ. நான் போன்ல விசாரிச்சதோட சரி. இனிமே இந்த வீட்ல யாருக்கு ஆஸ்பத்திரின்னாலும், ராத்திரி கூட இருக்கிறது நான்தான்.”

மனைவியின் முறை:

“நீங்க இல்லாத வருஷங்கள்ல எல்லாத்தையும் நானே முடிவு பண்ணிப் பழகிட்டேன். நீங்க திரும்பி வந்தப்புறமும் அதை விடல. இனிமே உங்ககிட்ட கேட்டுட்டுச் செய்றேன். கோபம் வந்தா ரெண்டு நாள் பேசாம இருக்கமாட்டேன், அன்னைக்கே சொல்லிடுவேன்.”

ஒவ்வொன்றும் வாசிக்க அரை நிமிஷம்கூட ஆகாது. எழுதியதை விழாவுக்கு முன்பே துணையிடம் வாசித்துக் காட்டிவிடுவது உத்தமம். சபையில் சிரிப்பை வரவழைக்க நினைத்துச் சொல்லும் பழைய சண்டை, எதிரில் நிற்பவருக்கு இன்னும் ஆறாத காயமாக இருக்கக்கூடும். கேட்கும்போது அவர் முகம் இறுகினால் அந்த வரியை எடுத்துவிட வேண்டும். கடன், குடி, வேறு உறவு போன்றவற்றுக்கான மன்னிப்பு வீட்டுக்குள் கேட்க வேண்டியது. சபை நடுவே கேட்டால், மன்னிக்கவில்லை என்று சொல்லும் வழியே எதிராளிக்கு இல்லாமல் போகிறது.

பிள்ளைகளுக்கான வரியில்தான் அதிகம் சறுக்குவார்கள். ‘உங்களுக்காகத்தான் நாங்க எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டோம்’ என்று பெருமையாகச் சொல்வார்கள். இருபத்துமூன்று வயது மகளுக்கு அது தலையில் ஏற்றிய பாரம். பெற்றோரின் கசப்புக்குத் தானே காரணம் என்று கேட்கும். ‘நீங்களும் எங்களை மாதிரி வாழணும்’ என்பது கல்யாணமாகாத மகனுக்கு நாலு பேர் முன்னால் கொடுக்கும் நெருக்கடி. பிள்ளைகளிடம் ஒன்றையும் கேட்காத வரியாக அது இருக்கட்டும். அதே குடும்பத்தில் அம்மா முதல் வாக்கியத்தையும் அப்பா இரண்டாவதையும் இப்படிச் சொல்லலாம்:

“நாங்க வாக்குக் கொடுத்த அன்னைக்கு நீங்க இல்ல, ஆனா அதைக் காப்பாத்தினோமா இல்லையான்னு பக்கத்துல இருந்து பார்த்தது நீங்க ரெண்டு பேரும்தான். எங்க சண்டைக்கு நடுவுல இனிமே உங்களைத் தூது அனுப்பமாட்டோம்.”

இதற்குப் பதிலாகப் பிள்ளைகளைப் பேசச் சொல்லி மைக்கை நீட்ட வேண்டாம். அவர்களுக்கே பேசத் தோன்றினால் முன்கூட்டிச் சொல்லியிருப்பார்கள். தாளைப் பெரிய எழுத்தில் அச்சடித்து, ஒரு பிரதியை மகளிடம் கொடுத்து வைக்கலாம். கண்ணாடியை மறந்து வரும் அப்பாக்கள் நிறையப் பேர்.