அம்புக்குறிக்குக் குறைத்த மதிப்பெண்

‘ஐயா, மெத்தனால் என்று விடையைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். வளைந்த அம்புக்குறிகளுக்காக இரண்டு மதிப்பெண் குறைத்திருக்கிறீர்கள். தயவுசெய்து இன்னொரு முறை பார்க்க வேண்டுகிறேன்.’

பிளஸ் ஒன் மாணவி ஒருவர் வேதியியல் ஆசிரியருக்கு இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கேள்வி, புரோமோமீத்தேனும் ஹைட்ராக்சைடு அயனியும் வினைபுரியும் வழிமுறை பற்றியது.

HO⁻ + CH₃Br → CH₃OH + Br⁻

வளைந்த அம்புக்குறி அணு நகர்வதைக் காட்டுவதில்லை. ஓர் இணை எலக்ட்ரான் எங்கிருந்து எங்கே போகிறது என்பதையே காட்டுகிறது. 1922-இல் ராபர்ட் ராபின்சனும் கெர்மாக்கும் பயன்படுத்திய இந்தக் குறியை இன்று உலகெங்கும் வேதியியலாளர்கள் கையாளுகிறார்கள். அம்பின் வால் எலக்ட்ரான்கள் இருக்கும் இடத்திலும், தலை அவை சேரும் இடத்திலும் இருக்க வேண்டும்.

இந்த வினைக்கு இரண்டு அம்புகள் தேவை. ஒன்று, ஆக்சிஜனின் தனித்த இணை எலக்ட்ரானிலிருந்து கார்பனுக்கு. மற்றொன்று, கார்பன்–புரோமின் பிணைப்பிலிருந்து புரோமினுக்கு. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. இரண்டாவது அம்பை விட்டுவிட்டால் கார்பனுக்கு ஐந்து பிணைப்புகள், பத்து எலக்ட்ரான்கள் ஆகிவிடும். எட்டுக்கு மேல் அது தாங்காது.

மாணவி முதல் அம்பை ஆக்சிஜன் மேலுள்ள எதிர்க்குறியிலிருந்து தொடங்கியிருக்கிறார். இதற்கு ஒரு மதிப்பெண் போயிற்று. இங்கே அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. பல பாடநூல்களே அப்படி வரைகின்றன. எந்த எலக்ட்ரான்கள் என்பதில் குழப்பமும் இல்லை. ஆனால் ஆசிரியரின் கண்டிப்புக்கும் காரணம் உண்டு. சோடியம் போரோஹைட்ரைடில் போரான் மீது எதிர்க்குறி இருக்கும். தனித்த இணை இருக்காது. வினையில் நகர்வது போரான்–ஹைட்ரஜன் பிணைப்பின் எலக்ட்ரான்கள். எதிர்க்குறியிலிருந்தே வரைந்து பழகியவர் அங்கே தடுமாறுவார்.

இரண்டாவது அம்பை அவர் C என்ற எழுத்திலிருந்து புரோமினுக்குப் போட்டிருக்கிறார். இந்தக் கார்பனில் தனித்த இணை எதுவும் இல்லை. அதன் எலக்ட்ரான்கள் எல்லாம் நான்கு பிணைப்புகளில் இருக்கின்றன. எந்தப் பிணைப்பு முறிகிறது என்பதை அந்த அம்பு சொல்லவில்லை. இறுதி விளைபொருள் சரியாக இருப்பது இதற்கு ஈடாகாது, கேட்டது வழிமுறையை.

ஆகவே ‘விடை சரி’ என்ற வாதத்தை அவர் கைவிட வேண்டும். கடிதத்தை இப்படி எழுதலாம்: ‘முதல் அம்பை எதிர்க்குறியிலிருந்து தொடங்கினேன், அது ஆக்சிஜனின் தனித்த இணையைத்தான் குறிக்கிறது. இதை ஏற்கலாமா? இரண்டாவது அம்பு பிணைப்பின் நடுவிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும் என்று புரிந்துகொண்டேன்.’

எதிர்க்குறியிலிருந்து தொடங்கக் கூடாது என்று வகுப்பில் முன்பே சொல்லியிருந்தால் ஒழிய, முதல் மதிப்பெண்ணை ஆசிரியர் திருப்பித் தருவதே முறை. இரண்டாவதைத் தர வேண்டியதில்லை.