சிங்க்கின் ஆழத்தை அளந்த பிறகு குழாய் வாங்குங்கள்

வீடு கட்டுபவர்கள் சமையலறைக் குழாயைக் கடைசியில்தான் வாங்குகிறார்கள். அதற்குள் கிரானைட் மேடை போட்டாகிவிடும், சிங்க் பதித்தாகிவிடும், டைல்ஸும் ஒட்டியாகிவிடும். மிச்சமிருப்பது குழாய் ஒன்றுதானே என்று கடைக்குப் போய், கண்ணாடிப் பலகையில் வரிசையாக நிற்பவற்றில் பளபளப்பானதைக் கைகாட்டிவிடுகிறார்கள். குடிபோன ஒரு மாதத்தில் தொல்லை ஆரம்பிக்கிறது. பாத்திரம் கழுவுபவரின் வயிற்றுப் பக்கம் எப்போதும் நனைந்திருக்கும். இல்லாவிட்டால் இட்லிப் பாத்திரம் குழாய்க்கு அடியில் நுழையாது. அதுவும் இல்லாவிட்டால் தண்ணீர் சிங்க்கின் பின்சுவரில் வழிந்துகொண்டிருக்கும்.

இவற்றில் பெரும்பாலானவை குழாயின் தரக்குறைவால் வருவன அல்ல. நல்ல பித்தளையில் செய்த விலை உயர்ந்த குழாயும், பொருந்தாத சிங்க்கில் மாட்டினால் இதே தொல்லையைத்தான் தரும்.

முதலில் பார்க்கவேண்டியது தண்ணீர் எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது என்பதை. குழாயின் வாய் மேடையிலிருந்து எத்தனை அங்குலம் மேலே இருக்கிறதோ, அதோடு சிங்க்கின் ஆழத்தைக் கூட்டினால் விழும் உயரம் கிடைக்கும். அந்த உயரம் இரு மடங்கானால் தண்ணீர் அடித்தளத்தில் மோதும் ஆற்றலும் இரு மடங்காகும். 12 அங்குலத்திலிருந்து விழும்போது சிங்க்குக்குள்ளேயே அடங்கிவிடும் துளிகள், 24 அங்குலத்திலிருந்து விழும்போது விளிம்பைத் தாண்டுகின்றன. குழாயை லேசாகத் திறந்திருக்கும் நேரத்தில், நெடுந்தூரம் இறங்கும் மெல்லிய தாரை வழியிலேயே துளித்துளியாக உடைந்துவிடும். உடைந்த துளிகள் உடையாத தாரையைவிட அதிகமாகத் தெறிக்கும்.

துளிகளைத் தடுப்பது சிங்க்கின் பக்கச் சுவர். 10 அங்குல ஆழச் சிங்க்கில் தெறிக்கும் துளிகளில் பெரும்பகுதி சுவரில் மோதித் திரும்பிவிடும். 6 அங்குல ஆழம் மட்டுமே உள்ள சிங்க்கில் அதே வேகத்தில் தெறித்தாலும் மேடையெல்லாம் ஈரம். ஆகவே ஆழம் குறையக் குறைய, குழாய் வாயின் உயரத்தில் கட்டுப்பாடு அதிகம் வேண்டும். சிங்க் சிறியதாக இருக்கிறதே, குழாயாவது உயரமாக இருக்கட்டும் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில்தான் தவறிவிடுகிறார்கள்.

நடைமுறையில், குழாய் வாயிலிருந்து சிங்க்கின் அடித்தளம் வரை 14 முதல் 16 அங்குலம் இருந்தால் பெரும்பாலான சமையலறைகளுக்குச் சரியாக வரும். குக்கரும் இட்லிப் பாத்திரமும் அடியில் நுழையும், தெறிப்பும் கட்டுக்குள் இருக்கும்.

இப்போது கடையில் இருக்கும் மூன்று வகைகளைப் பார்க்கலாம்.

பில்லர் குழாய் மேடையில் நேராக நிற்கும், குட்டையானது. அதன் வாய் மேடையிலிருந்து 3 முதல் 5 அங்குல உயரத்தில் இருக்கும். 10 அங்குல ஆழச் சிங்க்கில் இதை மாட்டினால் விழும் உயரம் 13 முதல் 15 அங்குலம்தான். கணக்குக்கு அருமையாகப் பொருந்துகிறது. ஆனால் பில்லர் குழாய்களில் பல கைகழுவும் பேசினுக்காக வடிவமைக்கப்பட்டவை. அவற்றின் மூக்கு நான்கு, ஐந்து அங்குலம்தான் முன்னால் நீளும். சமையலறைச் சிங்க்கில் குழாய்த் துளைக்கும் சிங்க் விளிம்புக்கும் நடுவிலேயே இரண்டு, மூன்று அங்குலம் போய்விடும். மீதியில் தண்ணீர் பின்சுவரை ஒட்டி விழுகிறது. கையைப் பின்னுக்கு நீட்டி நீட்டிக் கழுவவேண்டியிருக்கும். ஆழமான சிங்க் வைத்திருப்பவர்களுக்கு பில்லர் குழாய் நல்ல தேர்வுதான், மூக்கு நீளமானதாகப் பார்த்து எடுத்தால்.

ஸ்வான் நெக், பெயருக்கேற்ப அன்னத்தின் கழுத்தைப்போல் வளைந்து இறங்குவது. பெரிய பாத்திரம் தாராளமாக நுழையும், கழுத்து இடம் வலம் திரும்பும். இரட்டைத் தொட்டிச் சிங்க்குக்கு இதைவிட வசதியானது இல்லை. நம் வீடுகளில் அதிகம் விற்பதும் இதுதான் என்பதால், இதில் நடக்கும் ஏமாற்றத்தைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் உயரம் பல சமயம் வளைவின் உச்சிவரை அளந்தது. தண்ணீர் விழும் வாய் அதிலிருந்து இரண்டு முதல் நான்கு அங்குலம் கீழே இருக்கும். உயரம் 12 அங்குலம் என்று போட்ட குழாயின் வாய் எட்டு அங்குலத்தில் இருக்கலாம், பத்திலும் இருக்கலாம். அந்த இரண்டு அங்குல வித்தியாசம் மேடை நனைவதையும் நனையாததையும் தீர்மானிக்கக்கூடியது. எனவே கேட்கவேண்டிய கேள்வி குழாயின் உயரம் என்ன என்பதல்ல, வாயின் உயரம் என்ன என்பதே.

ஆழம் 7, 8 அங்குலம் உள்ள சிங்க்குக்கு, வாய் 6 முதல் 8 அங்குல உயரத்தில் உள்ள நடுத்தர ஸ்வான் நெக் போதும். வாய் 12 அங்குலத்துக்கு மேல் போகும் நெடிய வகைகள் பார்க்க ஓட்டல் சமையலறைபோல அழகாக இருக்கும். 10 அங்குல ஆழச் சிங்க்கில் அவற்றை மாட்டினால் தண்ணீர் 22 அங்குலம் விழும். ஆழமான சுவர் ஓரளவு காப்பாற்றும் என்றாலும், கவிழ்ந்து கிடக்கும் ஒரு கரண்டியின் மேல் தாரை பட்டாலே போதும், தண்ணீர் விசிறிபோல் பறக்கும்.

புல் அவுட் குழாயில் வாய்ப்பகுதியைப் பிடித்து இழுத்தால் உள்ளிருக்கும் நெளிகுழாயோடு வெளியே வரும். வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் அடிக்கலாம். ஆழம் குறைந்த சிங்க்குக்கு இது பெரிய தீர்வு. தலையைப் பாத்திரத்துக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய்விடுவதால் விழும் உயரம் என்ற பிரச்சினையே எழாது. சிங்க்குக்குள் நுழையாத அண்டாவை மேடைமேல் வைத்தபடியே நிரப்பலாம். நேர்மாறாக, மிக ஆழமும் அகலமும் உள்ள சிங்க்கிலும் இது உதவும். மூலைகளில் ஒட்டிய சோற்றுப் பருக்கையைக் கழுவித் தள்ள வேறு குழாயால் முடியாது.

ஆனால் தமிழ்நாட்டு வீடுகளில் புல் அவுட் வாங்குவதற்கு முன் தண்ணீர் அழுத்தத்தைப் பார்த்தே ஆகவேண்டும். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீர், 10 மீட்டர் உயர வித்தியாசத்துக்கு ஒரு பார் அழுத்தம்தான் தரும். மேல்மாடி வீட்டில் தொட்டிக்கும் குழாய்க்கும் மூன்று மீட்டர்தான் வித்தியாசம் என்றால், அழுத்தம் 0.3 பார். புல் அவுட் குழாய்களுக்குப் பெரும்பாலும் அரை பாருக்கும் மேல் தேவைப்படும், அது பெட்டியிலேயே எழுதியிருக்கும். உள்ளே ஓடும் நெளிகுழாய் குறுகலானது என்பதால் குறைந்த அழுத்தத்தில் தாரை சோர்ந்துபோகும். எளிய சோதனை ஒன்று உண்டு. இப்போதிருக்கும் சமையலறைக் குழாயை முழுக்கத் திறந்து ஒரு லிட்டர் பாட்டிலைப் பிடியுங்கள். நிரம்பப் பத்து விநாடி ஆனால் நிமிடத்துக்கு ஆறு லிட்டர் வருகிறது என்று பொருள். அதைவிட அதிக நேரம் ஆகும் வீட்டில் பிரஷர் பம்ப் இல்லாமல் புல் அவுட் வைப்பது வீண்செலவு.

இன்னொன்று சுகாதாரம் சம்பந்தப்பட்டது. மற்றக் குழாய்களின் வாய் எப்போதும் சிங்க் விளிம்புக்கு மேலே நிற்கும். புல் அவுட்டின் தலை அழுக்குத் தண்ணீரில் மூழ்கிக் கிடக்க வாய்ப்புண்டு. அந்த நேரம் தொட்டி காலியாகிக் குழாயில் தண்ணீர் பின்வாங்கினால், அழுக்கு நீரை உள்ளே இழுத்துவிடும். பின்னோட்டத்தைத் தடுக்கும் வால்வு உள்ளே இருக்கிறதா என்று கேட்டு வாங்கவேண்டும். உப்புத்தண்ணீர்ப் பகுதிகளில் தலையின் நுண்துளைகள் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். ரப்பர் துளைகள் உள்ள தலையாக இருந்தால் விரலால் தேய்த்தே சுத்தம் செய்துவிடலாம்.

ஒரு வீட்டை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 24க்கு 18 அங்குலச் சிங்க், ஆழம் 8 அங்குலம். உள்தொட்டி முன்னிருந்து பின்னுக்கு 16 அங்குலம். வடிகால் நடுவில், அதாவது பின்விளிம்பிலிருந்து 8 அங்குலத்தில். குழாய்த் துளை விளிம்புக்குப் பின்னால் இரண்டரை அங்குலம். வீட்டின் பெரிய பாத்திரம் 9 அங்குல உயர இட்லிப் பாத்திரம்.

பாத்திரத்துக்கு மேல் மூன்று அங்குல இடைவெளி விட்டால் 12 அங்குலம் வேண்டும். சிங்க்கின் ஆழம் 8 போக, குழாய் வாய் மேடையிலிருந்து குறைந்தது 4 அங்குலத்தில் இருக்கவேண்டும். பில்லர் குழாயே உயரத்தில் தேறிவிடுகிறது. ஆனால் மூக்கு ஐந்து அங்குலம் நீண்டாலும், தண்ணீர் பின்விளிம்பிலிருந்து இரண்டரை அங்குலத்தில்தான் விழும். வடிகால் எட்டு அங்குலத்தில் இருக்கிறது. நீளத்தில் அது தோற்றுவிடுகிறது. வாய் 12 அங்குலத்தில் உள்ள நெடிய ஸ்வான் நெக் என்றால் விழும் உயரம் 20 அங்குலம், தெறிக்கும். வாய் 7 அங்குலத்திலும் மூக்கு 9 அங்குல நீளத்திலும் உள்ள ஸ்வான் நெக் என்றால், விழும் உயரம் 15, தண்ணீர் விழும் இடம் பின்விளிம்பிலிருந்து ஆறரை அங்குலம். வடிகாலுக்குப் பக்கத்தில் விழுகிறது. இந்த வீட்டுக்கு அதுவே சரி.

வாங்குவதற்கு முன் இன்னும் ஒரு விஷயத்தைப் பார்த்துக்கொள்ளவேண்டும். சிங்க்குக்கு நேரே ஜன்னல் உள்ள வீடுகளில் உள்பக்கம் திறக்கும் கதவு வளைந்த கழுத்தில் இடிக்கும். சிங்க்குக்கு மேலே பாத்திர ஸ்டாண்டு மாட்டியிருந்தாலும் இதே கதைதான். வளைவின் உச்சி உயரம் உதவுவது இந்த இடத்தில்தான்.

சிங்க்கின் ஆழத்தை அளக்கும்போதும் கவனம் தேவை. கிரானைட்டுக்கு அடியில் பதித்த சிங்க்கில் கல்லின் கனம் முக்கால் அங்குலம் கூடுதலாகச் சேரும். மேடையின் மேல்மட்டத்திலிருந்து அடித்தளம் வரை இஞ்ச் டேப்பை இறக்கி அளப்பதே சரியான அளவு. சுவரில் மாட்டும் குழாய் என்றால் இந்தக் கணக்கை டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே போட்டு, பாயின்ட் எந்த உயரத்தில் வரவேண்டும் என்று பிளம்பருக்குச் சுவரில் கோடு போட்டுக் காட்டிவிடவேண்டும். ஒட்டியபின் மாற்றவேண்டுமென்றால் டைல்ஸை உடைத்தாகவேண்டும்.

கடைக்குப் போகும்போது சிங்க்கின் ஆழம், துளையிலிருந்து வடிகால்வரை உள்ள தூரம், பெரிய பாத்திரத்தின் உயரம் ஆகிய மூன்றையும் ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பெட்டியைத் திறக்கச் சொல்லி, குழாயின் அடியிலிருந்து வாய்வரை கடைக்காரரின் டேப்பாலேயே அளந்து பார்த்தபிறகு பணம் கொடுங்கள்.