கணக்கு தேங்கிய அக்காவுக்கு நாலு வரிக் கடிதம்



குழுவில் ஒரு பொறுப்பை ஒழுங்காகச் செய்துவந்தவர் திடீரென்று தளர்ந்துபோனால் ஊக்குநர் என்ன செய்கிறார்? பெரும்பாலும் இரண்டில் ஒன்று. பேசாமல் விட்டுவிடுகிறார், அல்லது கூட்டத்தில் எல்லார் முன்னாலும் கேட்டுவிடுகிறார். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு. முன்கூட்டியே நாலு வரி எழுதிக் கொடுத்துவிட்டு, தனியாக உட்கார்ந்து பேசுவது. அந்த நாலு வரியை எப்படி எழுதுவது என்பதை, நான் கூட இருந்து பார்த்த ஒரு குழுவின் அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன். பெயர்கள் வேண்டாம்.

அது 14 பேர் உள்ள குழு. வாரம் ஆளுக்கு 50 ரூபாய் சேமிப்பு. கணக்கு எழுதுகிற அக்காவுக்கு வயது 42, ஊக்குநருக்கு 34. ஆறு வருடமாக ஒரு வாரம்கூட கணக்கு நின்றதில்லை. அப்படிப்பட்டவர் தொடர்ந்து மூன்று வாரம் உறுப்பினர்களின் பாஸ் புத்தகத்தில் வரவு வைக்கவில்லை. ரொக்கப் புத்தகமும் பழைய தேதியோடு நிற்கிறது. வசூலை மட்டும் துண்டுத்தாளில் குறித்து வைத்திருக்கிறார். வங்கிக் கடனுக்கு மனுக் கொடுக்க வேண்டிய நேரம் அது. மேலாளர் முதலில் கேட்பதே புத்தகங்களைத்தான். பஞ்சசூத்திரத்தில் ஐந்தாவதே கணக்குப் பதிவேடுதானே! அதற்குள் குழுவில் முணுமுணுப்பு கிளம்பிவிட்டது. "காசு எங்க போச்சோ, யாரு கண்டா" என்று ஒருத்தர் சொன்னது ஊக்குநர் காதுக்கே வந்துவிட்டது.

ஊக்குநர் என்னிடம் காட்டிய முதல் கடிதம் இது:

"மூணு வாரமா நீங்க கணக்கே எழுதல. எல்லாரும் ஒரு மாதிரி பேசிக்கிறாங்க. உங்களால லோன் நிக்கப்போகுது. செவ்வாய்க்குள்ள முடிங்க, முடியலன்னா வேற ஆளைப் போடுறோம்."

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இதைப் படிக்கிறவர் ஒன்று சண்டைக்கு வருவார், இல்லையென்றால் மறுநாளே புத்தகங்களைக் கொண்டுவந்து திண்ணையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். ஏன் எழுதவில்லை என்பது கடைசிவரை தெரியாது.

"முதல்ல காசு சரியா இருக்கான்னு பாத்தீங்களா?" என்று கேட்டேன். பார்க்கவில்லை. பிரதிநிதிகள் இருவரையும் அழைத்து, துண்டுத்தாள்களையும் பேங்க் சலான் அடிக்கட்டைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். மூன்று வாரத்தில் சேமிப்பு 2,100, கடன் தவணை 4,650, மொத்தம் 6,750 ரூபாய். சலான்கள் 2,250, 2,200, 2,300. கூட்டினால் அதே 6,750. காசு மொத்தமும் வங்கியில் இருக்கிறது, எழுத்துதான் நின்றிருக்கிறது. இந்தச் சோதனையைச் செய்யாமல் கடிதம் எழுதக்கூடாது. காசு குறைந்திருந்தால் அது நாலு வரிக் கடிதத்தில் முடிகிற விஷயம் இல்லை. பிரதிநிதிகளோடு சேர்ந்து குழுவில் வைத்து, தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டிய விஷயம். இரண்டையும் குழப்பினால், எழுதாதவர் மேல் திருட்டுப் பழி விழுந்துவிடும்.

அதற்குப் பிறகு எழுதிய கடிதம்:

"அக்கா, காட்டு வேலையெல்லாம் முடிஞ்சுதா? பாஸ் புத்தகத்துல மூணு வாரம் வரவு வைக்காம இருக்கு. காசெல்லாம் பேங்க்ல சரியா கட்டியிருக்கு, நானே பாத்துட்டேன். ஆறு வருஷமா ஒரு வாரம்கூட விடாம எழுதினவங்க நீங்க, அதான் என்னமோ சிரமம் இருக்கும்னு தோணுது. வியாழக்கிழமை சாயங்காலம் உங்க வீட்டுக்கு வரட்டுமா? இன்னும் யார்கிட்டயும் இதைப் பத்திப் பேசல."

என்ன மாறியது என்று பாருங்கள். "கணக்கே எழுதல" என்பது போய், "பாஸ் புத்தகத்துல மூணு வாரம்" என்று குறிப்பாக வந்தது. கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்கிறது, அவர் எப்படிப்பட்டவர் என்று தீர்ப்பு சொல்லவில்லை. "எல்லாரும் பேசிக்கிறாங்க" என்ற வரியை அடித்துவிட்டோம். அந்த ஒரு வரி போதும், யார் யார் பேசினார்கள் என்று தேடுவதிலேயே பேச்சு போய்விடும். காசு சரியாக இருக்கிறது என்பதை வெளிப்படையாக எழுதினோம். கணக்கு எழுதுகிறவருக்கு முதல் பயமே அதுதான். ஆறு வருடம் என்றது சும்மா புகழ்ச்சி இல்லை, இது அவர் வழக்கம் இல்லை என்பதற்குச் சான்று. காரணத்தை நாமே ஊகித்து எழுதவில்லை. நாளையும் இடத்தையும் கேள்வியாக வைத்தோம், அவர் வேறு நாள் சொல்லலாம்.

ஒரு விஷயத்தில் ஊக்குநர் கறாராக இருந்தார், அது நல்லது. "நேரம் கிடைச்சா பாருங்க" என்று மழுப்பக்கூடாது என்றார். தவறியது எது என்று தெரியாமல் அன்பு மட்டும் எழுதினால், படிப்பவருக்குப் புரியாது.

கடைசி வரி உண்மைதானா என்று நீங்கள் கேட்கலாம். பிரதிநிதிகளுக்குத் தெரியுமே? ஆமாம், அதை நானும் கவனிக்கத் தவறிவிட்டேன். அன்று மாலை ஊக்குநரே அந்த வரியை, "பிரதிநிதிங்க ரெண்டு பேருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்" என்று மாற்றி எழுதினார்.

கடிதத்தை மடித்து, யார் கையிலும் கொடுத்தனுப்பாமல் அக்காவிடமே நேரில் கொடுத்தார். போனில் குரலாகப் பேசி அனுப்பினாலும் இதே முறைதான். ஆனால் குழுவின் வாட்ஸ்அப்பில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

வியாழக்கிழமை அக்கா சொன்னதைக் கேட்டு ஊக்குநருக்கு வாய் அடைத்துப்போனது. "அந்தக் கடுதாசியையே என்னால படிக்க முடியல பாப்பா. மக தான் படிச்சுச் சொன்னா." வெள்ளெழுத்து! கூலி வேலைக்குப் போகிறவர்களுக்காகக் கூட்டத்தை இரவு ஏழரைக்கு மாற்றியிருந்தார்கள். மங்கின விளக்கில், பாஸ் புத்தகத்தின் சின்னக் கட்டங்களில் எண் தெரியவில்லை. தப்பாக எழுதிவிட்டால் என்ன ஆகும் என்று பயந்து, எழுதாமலே விட்டிருக்கிறார். சொன்னால் பொறுப்பை எடுத்துவிடுவார்களோ என்று கூச்சம் வேறு. முதல் கடிதம் போயிருந்தால், அந்த வசவை மகள் வாயால் கேட்டிருப்பார். வீட்டில் யார் படித்தாலும் அவருக்குத் தலைகுனிவு வராதபடி எழுத வேண்டும் என்பதை நான் அன்றுதான் கற்றேன்.

பேச்சில் ஊக்குநர் செய்தது கொஞ்சம்தான். "என்னக்கா ஆச்சு?" என்று கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார். உடனே யோசனை சொல்லவில்லை. "நீங்க என்ன செய்யலாம்னு நினைக்கிறீங்க?" என்றார். அக்காவே சொன்னார், பகல் வெளிச்சத்தில் என்றால் எழுதிவிடுவேன் என்று. ஞாயிறு காலை, படித்த ஒரு உறுப்பினர் துண்டுத்தாளைப் பார்த்து எண்களை வாசிக்க, அக்கா எழுத, மூன்று வார வரவும் இரண்டு மணி நேரத்தில் ஏறிவிட்டது. அடுத்த வாரம் அரசு ஆஸ்பத்திரி கண் பிரிவுக்குப் போவதாக நாள் குறித்தார்கள். கூட்ட நேரத்தை மாற்றுவது மட்டும் குழு முடிவு என்பதால், அதைக் கூட்டத்தில் வைத்தார்கள். காரணத்தைச் சொல்லலாமா என்று முதலில் அக்காவிடம் கேட்டுக்கொண்டார்கள்.

எல்லோருக்கும் இப்படி முடியாது. பேசி, நாள் குறித்து, உதவிக்கு ஆள் வைத்த பிறகும் மூன்று நான்கு வாரம் புத்தகம் அப்படியே இருந்தால், குழுவில் வைத்துப் பொறுப்பை மாற்றித்தான் ஆக வேண்டும். அப்போதும் கூட்டத்துக்கு முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

அந்தக் குழுவில் கண்ணாடி வந்து, கூட்டம் ஞாயிறு காலைக்கு மாறி, கடன் மனுவும் போய்விட்டது. எண்களை வாசித்த உறுப்பினர் இப்போது அக்காவிடம் ரொக்கப் புத்தகம் எழுதப் பழகிக்கொண்டிருக்கிறார்.