கவிழ்ந்த படகு நிமிருமா?

2018 செப்டம்பர் 21. தென் இந்தியப் பெருங்கடலில், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கு மேற்கே சுமார் 1,900 கடல் மைல் தொலைவில், இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி ‘துரியா’ என்ற 32 அடி பாய்மரப் படகில் தன்னந்தனியாக இருந்தார். தனி ஆளாக உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் பந்தயம் அது. புயலில் படகு முழுதாக உருண்டு தலைகீழாகப் போய், மறுபக்கமாக நிமிர்ந்து வந்தது. பாய்மரம் ஒடிந்தது, அவருடைய முதுகெலும்பில் பலத்த அடி. ஆனால் படகு மிதந்துகொண்டிருந்தது. மூன்று நாள் கழித்து ‘ஒசிரிஸ்’ என்ற பிரெஞ்சுக் கப்பல் வந்து சேரும்வரை அதற்குள்தான் அவர் படுத்திருந்தார். அதே புயலில் அயர்லாந்துக்காரர் கிரெகர் மெக்கக்கினின் படகும் உருண்டு, பாய்மரத்தை இழந்து, நிமிர்ந்துவிட்டது.

இரண்டுமே ஒற்றை உடல் படகுகள். இரட்டை உடல் கொண்ட கேட்டமரானாக இருந்திருந்தால் அவை நிமிர்ந்திருக்காது. அதை வைத்து, ஒற்றை உடல்தான் பத்திரம் என்று முடிவு கட்டிவிடவும் முடியாது. (இங்கே கேட்டமரான் என்பது நம் மீனவர்களின் கட்டுமரமல்ல. நடுவில் இடைவெளி விட்டு இரண்டு உடல்களைச் சேர்த்த படகு. அந்த அமைப்பு பசிபிக் தீவுக்காரர்களுடையது.)

ஒற்றை உடல் படகின் ரகசியம் அதன் அடியில் இருக்கிறது. கீல் எனப்படும் துடுப்பு போன்ற பகுதியில் ஈயமோ இரும்போ வைத்திருப்பார்கள். மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்குகூட அதிலேயே இருக்கும். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையைச் சாய்த்துப் பார்த்தவர்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. படகு லேசாகச் சாயும்போது இந்த எடை பெரிதாக உதவாது. சாயச் சாயத்தான் அதன் பிடி இறுகும். பாய்மரம் தண்ணீரைத் தொடும் அளவுக்குச் சாய்ந்தால்கூட நல்ல கடற்படகு எழுந்துவிடும். சுமார் 120 டிகிரியைத் தாண்டினால்தான் தலைகீழாகும். அந்த நிலையிலும் கனமான கீல் மேலே இருப்பதால் நிலைகொள்ளாது. அடுத்த பெரிய அலை ஒன்று தள்ளினால் போதும், புரண்டு எழும்.

கேட்டமரானில் கீழே எடை கிடையாது. அது அகலத்தை நம்பி நிற்கிறது. 12 மீட்டர் நீளமும் 8 டன் எடையும் கொண்ட ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரண்டு உடல்களின் மையங்களுக்கு இடையே 5 மீட்டர் என்றால், காற்று ஒரு உடலைத் தண்ணீரிலிருந்து தூக்க முயலும்போது 8 டன் எடையும் இரண்டரை மீட்டர் தள்ளி நின்று எதிர்க்கிறது. பெருக்கினால் 20 டன்-மீட்டர். அதே நீளமும் எடையும் உள்ள ஒற்றை உடல் படகு 20 டிகிரி சாயும்போது ஏறக்குறைய இரண்டரை டன்-மீட்டர்தான் எதிர்க்கும். 60 டிகிரியை நெருங்கி உச்சத்தைத் தொடும்போதும் ஐந்தாறுதான். ஆகவே, கேட்டமரான் பாறை மாதிரி நிற்கிறது என்று அதன் சொந்தக்காரர்கள் சொல்வது வெறும் பெருமையல்ல.

ஆனால் அந்த 20 டன்-மீட்டர், பத்துப் பன்னிரண்டு டிகிரி சாய்வில், ஓர் உடல் தண்ணீரைவிட்டுக் கிளம்பும் கணத்திலேயே உச்சத்தை அடைந்துவிடுகிறது. அதற்குமேல் சாயச் சாய எதிர்ப்பு குறைந்துகொண்டே வரும். 80, 90 டிகிரிக்குள் ஒன்றுமில்லாமல் போகும். அதன்பிறகு படகு தலைகீழாக, முன்பு நின்ற அதே உறுதியோடு நிற்கும். கடல் அதைத் திருப்பிப் போடாது.

கவிழ்ந்தாலும் அது மூழ்குவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கீழே இழுக்க ஈயம் இல்லை. கட்டியிருப்பதும் பெரும்பாலும் மிதக்கும் பொருட்களால். 1989 ஜூனில் நியூசிலாந்து அருகே ‘ரோஸ்-நோயல்’ என்ற மூவுடல் படகு கவிழ்ந்தது. குணத்தில் கேட்டமரானின் தம்பி. அதிலிருந்த நான்கு பேரும் தலைகீழ்ப் படகில் 119 நாள் மிதந்து, உயிரோடு கரை சேர்ந்தார்கள். மாறாக, ஒற்றை உடல் படகில் கதவு உடைந்தோ கீல் கழன்றோ போனால், அந்த ஈயமே அதை அடிக்கு இழுத்துவிடும். ஒன்று நிமிரும், ஆனால் மூழ்கலாம். மற்றது மிதக்கும், ஆனால் நிமிராது.

காற்றால் கவிழ்வது வேறு, அலையால் கவிழ்வது வேறு. ஒற்றை உடல் படகுக்குக் காற்று பெரிய எதிரியல்ல. பலமாக அடித்தால் அது சாயும். சாய்ந்ததும் பாயில் படும் காற்று குறைந்துவிடும். அதன் ஆபத்து உடைந்து விழும் அலை. 1979இல் ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில் புயலில் சிக்கி 15 போட்டியாளர்கள் இறந்த பிறகு, இங்கிலாந்தில் மாதிரிப் படகுகளைத் தொட்டியில் வைத்துச் சோதித்தார்கள். படகின் நீளத்தில் 60 சதவீத உயரமுள்ள அலை பக்கவாட்டில் உடைந்து மோதினால் எந்தப் படகும் உருளும் என்று தெரிந்தது. அந்தக் கணக்கில் துரியாவை உருட்ட 20 அடி அலை போதும். அன்று அங்கே எழுந்த அலைகள் 14 மீட்டர், அதாவது 46 அடி என்று சொல்லப்பட்டது.

கேட்டமரானுக்கு அலையைவிடக் காற்றுதான் நயவஞ்சகன். சாயாத படகு எச்சரிக்கையும் தராது. காற்றின் விசை வேகத்தின் இருமடியில் ஏறும். 20 நாட் வேகக் காற்று 28 ஆனாலே பாயில் விசை இரண்டு மடங்கு. ஒற்றை உடல் படகில் இது நடந்தால் சமையலறைப் பாத்திரம் உருளும், எல்லோரும் விழித்துக்கொள்வார்கள். கேட்டமரானில் மேசைமேல் வைத்த டம்ளர் அப்படியே இருக்கும். அதனால்தான் அனுபவசாலிகள் உடம்பை நம்பாமல் காற்றுமானியைப் பார்த்துப் பாயைச் சுருக்குகிறார்கள். சராசரிக் காற்றுக்கல்ல, வரக்கூடிய மிகப் பெரிய வீச்சுக்கு ஏற்றபடி சுருக்க வேண்டும். காற்றை முதுகில் வாங்கி அலைச்சரிவில் இறங்கும்போது இன்னொரு ஆபத்து: வேகம் மிகுந்து அணியம் எதிர் அலைக்குள் குத்திக்கொண்டால், படகு முன்பக்கமாகக் குட்டிக்கரணம் போடும். அப்போது கயிறோ கடல் நங்கூரமோ பின்னால் இழுத்து வேகத்தைக் குறைப்பார்கள்.

வேகத்தில் கேட்டமரான் முந்துவது ஒல்லியான உடலால். 36 அடி நீர்க்கோடு கொண்ட ஒற்றை உடல் படகு 8 நாட்டை எட்டியதும் தானே எழுப்பிய அலைக்குள் சிக்கிக்கொள்ளும். ஒல்லி உடல் அந்த அலையைப் பெரிதாக எழுப்புவதே இல்லை. ஆனால் ஜெனரேட்டர், வாஷிங் மெஷின், ஆறு பேருக்கான சாமான் என்று ஏற்றினால் அந்த நன்மை தண்ணீரில் அமுங்கிவிடும். விடுமுறைக் கேட்டமரான்கள் பல விளம்பரத்தில் ஓடும் அளவுக்குக் கடலில் ஓடாததற்கு இதுவே காரணம். காற்றை எதிர்த்து ஏறுவதிலும் ஆழமான கீல் உள்ள படகுதான் கெட்டி.

சொகுசு எதில் அதிகம் என்பது அவரவர் வயிற்றைப் பொறுத்தது. ஒற்றை உடல் படகில் 20 டிகிரி சாய்வில் சமைத்து, சாய்வில் தூங்க வேண்டும். ஆனால் அசைவில் ஒரு நிதானம் இருக்கும். கேட்டமரானில் தளம் மட்டமாக இருக்கும். ஆனால் இரண்டு உடல்களும் வெவ்வேறு நேரத்தில் அலையைச் சந்திப்பதால் அசைவு வெடுக் வெடுக்கென்று வரும். எதிர்க்கடலில் நடுத்தளத்தின் அடியில் அலை மோதும் ஓசை, யாரோ சம்மட்டியால் அடிப்பதுபோல் இரவெல்லாம் கேட்கும்.

தென் பெருங்கடலுக்குப் போகிறவருக்கு நான் கனமான கீல் உள்ள படகைத்தான் சொல்வேன். குடும்பத்தோடு வெப்பக்கடலில், தீவுகளுக்கிடையே சுற்றுகிறவருக்குக் கேட்டமரானே மேல். லங்காவியிலோ புகெட்டிலோ ஒன்றை வாடகைக்கு எடுத்தால், எத்தனை நாட் காற்றில் எவ்வளவு பாய் சுருக்க வேண்டும் என்ற அட்டவணையை ஸ்கிப்பரிடம் கேளுங்கள். அது இல்லாத படகில் ஏறாதீர்கள்.