யானை விரட்டிய ஆள்

சென்ற வாரம் எழுவாயைப் பார்த்தோம். அதற்கு உருபே கிடையாது, பெயர் பெயராகவே நிற்கும் என்பதோடு நிறுத்தியிருந்தேன். இந்த வாரம் இரண்டாம் வேற்றுமை. உருபு ஒன்றே ஒன்று: ஐ. தமிழில் யார் அடித்தார், யார் அடிபட்டார் என்பதைத் தீர்த்து வைப்பது இந்த ஓரெழுத்துதான்.

பார்ப்பதற்கு வடகரையை எடுத்துக்கொள்கிறேன். செங்கோட்டை வட்டத்தில், பண்பொழிக்கும் மேக்கரைக்கும் பக்கத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிற ஊர். தென்னை, மா, வாழை என்று மலையடி வரைக்கும் தோப்புகள். அந்த மலையிலிருந்து யானைகள் அடிக்கடி இறங்கி வருகின்றன. யார் யாரை என்ன செய்தார்கள் என்ற கேள்விக்கு அங்கே உயிர் வரைக்கும் மதிப்பு உண்டு.

காலையில் டீக்கடையில் ஒருவர் சொல்வதாக வைத்துக்கொள்வோம்: “அண்ணாச்சி, ராத்திரி ஆனை வந்துட்டு. எட்டு தென்னை முறிச்சிட்டு.” கேட்பவர் யாரும் ‘எதை எது முறித்தது?’ என்று திருப்பிக் கேட்க மாட்டார். ஐ உருபு இல்லை, இருந்தும் குழப்பம் இல்லை. தென்னை யாரையும் முறிக்காது. செய்ய முடியாத ஒன்றின் மேல் ‘இது செய்யப்பட்டது’ என்று அடையாளம் குத்த வேண்டிய தேவை மொழிக்கு இல்லை.

அதே ஆள் “எட்டு தென்னையையும் முறிச்சிட்டு” என்று சொன்னால் செய்தி வேறு. முதல் வாக்கியத்தில் தோப்பில் எத்தனையோ தென்னை நிற்க, அவற்றில் ஏதோ எட்டு போயிற்று. இரண்டாவதில் அவரிடம் இருந்ததே எட்டு, அத்தனையும் போயிற்று. ‘உம்’ சேர்ந்ததால் ‘அத்தனையும்’ வந்தது. ஆனால் அந்த எட்டு எது என்று பேசுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் முன்பே தெரியும் என்பதைச் சொல்வது அதற்குள் இருக்கிற ஐ. உருபு இல்லாத பெயர் ‘ஏதோ ஒன்று’. உருபு ஏறிய பெயர் பெரும்பாலும் ‘அந்த ஒன்று’. மாங்காய் பறித்தான் என்றால் அவன் செய்த வேலையைச் சொல்கிறோம். மாங்காயைப் பறித்தான் என்றால் நாம் கண் வைத்திருந்த மாங்காய் போய்விட்டது. துருக்கி மொழியிலும் இதே ஏற்பாடு இருக்கிறது: பொதுவாகப் புத்தகம் படிக்கிறவனுக்கு உருபு வேண்டாம், குறித்த புத்தகத்தைப் படிக்கிறவனுக்கு வேண்டும்.

உருபை இப்படி விடுவதற்கு இட நிபந்தனையும் உண்டு. ‘யானை வாழை தின்றது’ என்று சொல்லலாம். வாழை வினையை ஒட்டி நிற்கிறது. ‘வாழை யானை தின்றது’ என்று இடம் மாற்றிப் பாருங்கள், வாக்கியம் தடுக்கி விழும். ‘வாழையை யானை தின்றது’ என்றதும் எழுந்து நின்றுவிடும். தமிழில் சொற்களை எந்த வரிசையிலும் அடுக்கலாம் என்று பெருமையாகச் சொல்கிறோம். அந்தச் சுதந்திரத்துக்கு உருபுதான் விலை. உருபு இருந்தால் பெயர் எங்கே வேண்டுமானாலும் போகலாம். இல்லாவிட்டால் வினைக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

இனி மனிதர்கள். ‘யானை விவசாயி மிதித்தது’ என்று எந்தத் தமிழரும் சொல்ல மாட்டார். விவசாயி வினையை ஒட்டித்தான் நிற்கிறார். யானைதான் மிதித்திருக்கும் என்று வினைமுற்றின் ‘து’ விகுதியும் காட்டிக்கொடுக்கிறது. பொருள் தெளிவாகவே இருக்கிறது, ஆனாலும் காது ஒப்புவதில்லை. விவசாயியை மிதித்தது என்றே சொல்லியாக வேண்டும். எந்த விவசாயி என்று தெரியாவிட்டாலும் அப்படித்தான்: ‘யாரோ ஒருவரை மிதித்துவிட்டதாம்.’ உயர்திணைப் பெயர் செயப்படுபொருளாக வந்தால் ஐ ஒழியாமல் வரும் என்று தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தில், தொகைமரபு என்ற இயலில், இரண்டாம் வேற்றுமைக்கு உரிய விதிகளைத் தொகுக்கும் இடத்தில் சொல்லிவிடுகிறது. உலக மொழிகளை ஒப்பிடும் இன்றைய மொழியியலாளர்கள் ஸ்பானிய மொழியிலும் இந்தியிலும் இதே போக்கைக் கண்டு விரிவாக எழுதுகிறார்கள். தொல்காப்பியர் அதை ஒலிச் சேர்க்கை பேசும் பகுதியில் போகிற போக்கில் பதிவு செய்திருப்பது எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பைத் தருகிறது.

காரணம், நான் புரிந்துகொண்ட வரையில், எளிது. மனிதர் இயல்பாகச் செய்கிறவர். வாக்கியத்தில் மனிதப் பெயர் வந்ததும் ‘இவர் ஏதோ செய்தார்’ என்றே கேட்பவர் எதிர்பார்ப்பார். அவர் செய்தவர் அல்ல, செய்யப்பட்டவர் என்றால் அதை உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதற்கு விலக்கு உண்டு, அது இந்தக் காரணத்தை உறுதிப்படுத்துகிற விலக்கு. தென்காசியில் ஒரு வீட்டுக்குப் ‘பெண் பார்க்கப் போனோம்’ என்கிறோம். ‘பெண்ணைப் பார்க்கப் போனோம்’ என்றால், பெண் ஏற்கெனவே முடிவாகிவிட்டது, அல்லது தெரிந்த பெண்ணை நலம் விசாரிக்கப் போகிறோம். முதல் தொடரில் பெண் இன்னும் யாரென்று ஆகவில்லை. பெண் பார்ப்பது, ஆள் பிடிப்பது, பிள்ளை பெறுவது எல்லாம் ஒரு காரியத்தின் பெயர்கள். அங்கே முகம் உள்ள ஒரு மனிதர் இல்லாததால் ஐயும் இல்லை.

யானை எங்கே நிற்கிறது? இலக்கணப்படி அஃறிணை, தென்னையோடு ஒரே வரிசை. ‘வனத்துக்குள் யானை பார்த்தோம்’ என்று உருபில்லாமல் சொல்லலாம். ஆனால் தென்னையைப் போல அது சும்மா நிற்பதில்லை. மிதிக்கும், முறிக்கும், விரட்டும். செய்யவும் செய்யும், செய்யப்படவும் படும். அதற்கு உருபை விட்டால் அங்கேதான் சிக்கல் வரும்.

‘யானை விரட்டிய ஆள்.’ இந்த மூன்று சொல்லையும் தனியாகக் காட்டி யார் யாரை விரட்டியது என்று கேட்டால், பலர் யானை ஆளை விரட்டியது என்பார்கள். ஆனால் யானை விரட்டும் பணி, யானை விரட்டும் குழு என்று வனத்துறைச் செய்திகளில் தினமும் படிக்கிறவர் யானையை விரட்டிய ஆள் என்றும் எடுத்துக்கொள்வார். இரண்டும் இலக்கணத்துக்கு உட்பட்டவையே. இந்த மாதிரி இருபுறமும் சாயும் பெயர்களுக்குத் தொல்காப்பியத்தில் ‘தடுமாறு தொழிற்பெயர்’ என்று தனிப்பெயரே உண்டு. உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டிலும் யானைதான் வருகிறது: புலி கொல் யானை. புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா?

எப்படித் தெரிந்துகொள்வது என்பதற்கும் விடை இருக்கிறது. பின்னால் வரும் சொற்களைப் பார் என்கிறது இலக்கணம். அந்த யானை ஓடுகிறது என்று தொடர்ந்தால் புலிதான் செத்தது; அந்த யானையின் தந்தம் விற்க வந்தது என்று தொடர்ந்தால் யானைதான் செத்தது. நம்முடைய தொடரிலும் அதையே செய்து பார்க்கலாம். ‘யானை விரட்டிய ஆட்களுக்கு விடிய விடிய வேலை’ என்றால் விரட்டியவர்கள் ஆட்கள். ‘யானை விரட்டிய ஆள் ஓடும்போது விழுந்து காயம்’ என்றால் விரட்டியது யானை.

இப்போது பெயர்களை மாற்றிப் போடுங்கள்: ‘ஆள் விரட்டிய யானை.’ இது தடுமாறுவதில்லை. ஆள்தான் விரட்டினார், யானை ஓடியது. வேறு பொருளே கிடையாது. யானை ஆளை விரட்டியிருந்தால் ‘ஆளை விரட்டிய யானை’ என்று ஐ போட்டே தீர வேண்டும். முன்னால் சொன்ன உயர்திணை விதி இங்கே வேலை செய்கிறது. தடுமாற்றம் எல்லாத் தொடர்களிலும் வருவதில்லை. உருபு இல்லாமல் நிற்கிற பெயர் அஃறிணையாகவும் இருக்க வேண்டும், அதுவே செயல் செய்யக் கூடியதாகவும் இருக்க வேண்டும். புலி, யானை, நாய், பாம்பு என்று உயிருள்ள அஃறிணைகளின் சிறு வட்டத்துக்குள்தான் இந்த நோய் இருக்கிறது. எடுத்துக்காட்டுக்குப் புலியையும் யானையையும் உரைகாரர்கள் தேர்ந்தெடுத்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

அஃறிணையிலும் ஒரு மேல்வரிசை உண்டு. திருநெல்வேலி நெல்லையப்பர் கோயிலில் 2025 ஜனவரியில் இறந்துபோன யானையின் பெயர் காந்திமதி. கோயிலுக்குப் போய் வந்தவர்கள் ‘யானை பார்த்தோம்’ என்று சொல்லியிருக்கலாம். ‘காந்திமதி பார்த்தோம்’ என்று ஒருவர்கூடச் சொல்லியிருக்க மாட்டார். காந்திமதியைப் பார்த்தோம் என்றே சொல்லியிருப்பார்கள். பெயர் வைத்ததும் அது ‘அந்த ஒன்று’ ஆகிவிடுகிறது, ஐயும் கட்டாயமாகிவிடுகிறது.

எழுத்தில் இன்னொரு சாட்சியும் உண்டு: ஒற்று. ‘யானையைத் தாக்கி’ என்று உருபு வெளிப்பட்டால் அடுத்த வல்லெழுத்து மிகும். ‘யானை தாக்கி’ என்பதில் மிகாது. பத்திரிகைக்காரர்கள் அவசரத்தில் ஒற்றை விட்டுவிடுகிறார்கள், அதனால் அதை மட்டும் நம்பிப் பொருள் கொள்ள முடியாது. ஐ விஷயத்தில் தவறினால் ஆபத்து அதிகம். ‘யானை தாக்கி விவசாயி படுகாயம்’ என்பதில் ஒரு ‘யை’யைச் சேர்த்தால் விவசாயி மேலேயே வழக்குப் பதிவு செய்ய வேண்டியிருக்கும். பேச்சில் வித்தியாசம் இன்னும் மெலிது. ‘ஆன வெரட்டுனான்’, ‘ஆனய வெரட்டுனான்’; ஒரு ‘ய’ மட்டும்.

நான்காம் வேற்றுமையின் கு, ஐயோடு சேர்ந்து வரும் ஓர் இடத்தையும் பார்த்துவிடலாம். ‘எனக்கு யானையைக் கண்டால் பயம்.’ பெயர்களை மட்டும் இடம் மாற்றினால் ‘யானைக்கு என்னைக் கண்டால் பயம்.’ பயப்படுகிறவர் கு வாங்குகிறார், பயம் காட்டுகிறவர் ஐ வாங்குகிறார். இந்த வாக்கியத்தில் எழுவாயாக ‘நான்’ எங்குமே வரவில்லை. பசி, தூக்கம், பயம், விருப்பம் எல்லாம் நாம் செய்வன அல்ல, நமக்கு வருவன என்று தமிழ் வைத்திருக்கிறது. ‘அவன் யானையைப் பிடித்தான்’ என்றால் கயிறும் குழியும் வேண்டும். ‘அவனுக்கு யானையைப் பிடித்தது’ என்றால் மனசு போதும்.

இங்கேயும் அந்த உயர்திணை விதி விடாது. ‘யானைக்குப் பலாப்பழம் பிடிக்கும்’ என்று உருபில்லாமல் தாராளமாகச் சொல்கிறோம். பாகனைப் பற்றிச் சொல்லும்போது ‘யானைக்குப் பாகன் பிடிக்கும்’ என்றால் ஒட்டவில்லை. ‘யானைக்குப் பாகனைப் பிடிக்கும்’ என்றுதான் வாய் தானாகச் சொல்கிறது. இத்தனைக்கும் பாகன் இங்கே அடிபடவும் இல்லை, மிதிபடவும் இல்லை, விரும்பப்படுகிறார், அவ்வளவே. அதற்கும் ஐ வேண்டியிருக்கிறது.

‘ஒடு’வும் ‘ஆல்’உம் ஒரே வேற்றுமைக்குள் எப்படிக் குடியேறின என்பது அடுத்த வாரம்.